செக் பவுன்ஸ் நோட்டீஸ்: கடைசிப் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

கேள்வி: ஊரில் சொந்தக்காரருக்கு 7 லட்சம் கடன் கொடுத்தேன். 2 லட்சம் திரும்ப வந்தது, மீதிக்குத் தந்த செக் பவுன்ஸ் ஆகிவிட்டது. திருச்சி வக்கீல் நோட்டீஸ் டிராஃப்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி "பார்த்து ஓகே சொல்லுங்க" என்கிறார். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். எதைப் பார்ப்பது?

பதில்:

"வக்கீல் எழுதியதை நாம் ஏன் திருத்த வேண்டும்" என்று கீழே யாராவது கேட்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்ட வாதம் அவர் வேலை. அதில் கை வைக்காதீர்கள். ஆனால் செக், வங்கி தந்த ரிட்டர்ன் மெமோ, கணக்குப் புத்தகம் மூன்றும் உங்களிடம்தான் இருக்கின்றன. எண்களை ஒப்பிட உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

இதற்குப் பொருந்துவது இந்தியாவின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138. இங்கே சிங்கப்பூர் செக் திரும்பினால் அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடிதத்தில் தொகையைக் கூட்டி எழுதினால் பேரம் என்று விட்டுவிடுவார்கள். 138 நோட்டீஸில் அப்படிச் செய்தால் கிரிமினல் வழக்கே நிற்காமல் போகலாம்.

கடைசிப் பத்தியிலிருந்து ஆரம்பியுங்கள், பணம் கேட்கும் இடம் அதுதான். சட்டம் கேட்கச் சொல்வது "மேற்படி தொகை", அதாவது செக்கில் எழுதிய தொகை. உங்கள் விஷயத்தில் அது ரூ.5,00,000. இந்த மாதிரி டிராஃப்ட்களில் வழக்கமாக நடப்பது இது: இரண்டாம் பத்தியில் செக் தொகை 5,00,000 என்று சரியாக இருக்கும். கடைசிப் பத்தியில் "ஆக மொத்தக் கடன் ரூ.7,00,000-ஐ 18 சதவீத வட்டியுடன் செலுத்தவும்" என்று வந்து நிற்கும். கடனின் கதையைச் சொன்ன வேகத்தில் கேட்பதும் கடன் தொகையாகிவிடுகிறது. செக் தொகையைக் கேட்காமல் கடன் தொகையைக் கேட்ட நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த காவேரி பிளாஸ்டிக்ஸ் தீர்ப்பு இன்னும் கறார். செக் 1 கோடிக்கு, நோட்டீஸில் 2 கோடி. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை.

வட்டியும் வக்கீல் செலவும் கேட்கவே கூடாது என்பதில்லை. செக் தொகையைத் தனியாக, முழுதாகக் கேட்டுவிட்டு, மற்றதை வேறு வாக்கியத்தில் தனித்தனித் தொகையாக எழுதினால் நோட்டீஸ் கெடாது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கும்போதுதான் வம்பு. என்னைக் கேட்டால் வட்டியை விட்டுவிடச் சொல்வேன். அதை சிவில் வழக்கில் கேட்டுக்கொள்ளலாம். கடைசிப் பத்தி இவ்வளவு இருந்தால் போதும்:

"மேற்படி காசோலைத் தொகையான ரூ.5,00,000-ஐ (ரூபாய் ஐந்து லட்சம் மட்டும்) இந்த அறிவிப்பு தங்களுக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் எங்கள் கட்சிக்காரருக்குச் செலுத்துமாறு கோருகிறோம்."

இதில் "கோருகிறோம்" என்ற சொல் முக்கியம். சில டிராஃப்ட்களில் "ஏமாற்றிவிட்டீர்கள், சிறைக்குப் போவீர்கள்" என்று ஒரு பக்கம் மிரட்டல் இருக்கும், பணத்தைக் கொடு என்று ஒரு வரி இருக்காது. மிரட்டல் கோரிக்கை ஆகாது.

பிறகு தொகை வரும் எல்லா இடங்களையும் பேனாவால் வட்டமிடுங்கள். எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகிறதா பாருங்கள். இங்கே ஆயிரம், மில்லியன் என்று காற்புள்ளி வைத்துப் பழகிய கண்ணுக்கு 5,00,000-உம் 50,00,000-உம் ஒரே மாதிரி தெரியும். சைபர்களை விரல் வைத்து எண்ணுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

செக் கொடுத்த பிறகு, வங்கியில் போடுவதற்கு முன்பு, அவர் ஒரு பத்தாயிரமாவது அனுப்பினாரா? ஆம் என்றால் "ஓகே" சொல்லாதீர்கள், உடனே வக்கீலைக் கூப்பிடுங்கள். வந்த பணத்தை செக்கிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டிருந்தால், அந்த செக் அன்றைய கடனைக் காட்டவில்லை என்று 2022 தீர்ப்பு இருக்கிறது. எழுத்துத் திருத்தத்தால் சரியாகும் பிழை அல்ல அது. உங்கள் 2 லட்சம் செக்குக்கு முன்பே வந்துவிட்டதால் பிரச்சினை இல்லை. ஆனால் வந்த தேதி நோட்டீஸில் சரியாக இருக்கட்டும்.

தேதிகளுக்கு ஓர் உதாரணம் போடுகிறேன், உங்கள் தேதிகளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். செக் தேதி 12-11-2025. வங்கியில் போட்டது 05-01-2026. ரிட்டர்ன் மெமோ 07-01-2026. செக் 3 மாதம்தான் செல்லும், அதற்குள் போட்டாயிற்று. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தகவல் கிடைத்த நாள் எது என்று பின்னால் வாதாடுவதைவிட மெமோ தேதியையே வைத்து எண்ணுவது பத்திரம். 7-ஆம் தேதியை விட்டுவிட்டு 8-ஐ ஒன்று என்று எண்ணினால் கடைசி நாள் 06-02-2026. "ஒரு மாதம்" என்று மனக்கணக்குப் போட்டு 7 என்பவர்கள் ஒரு நாளைக் கோட்டைவிடுவார்கள்.

நோட்டீஸ் அவருக்கு ஜனவரி 28-இல் கிடைத்தது என்று வையுங்கள். அன்றை விட்டு 15 நாள் பிப்ரவரி 12-இல் முடியும். 13-இல் வழக்குக்கான காரணம் பிறக்கும். மார்ச் 13-க்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். இங்கேதான் "30 நாள் அவகாசம் தருகிறோம்" என்ற தாராள வாக்கியம் கழுத்தை அறுக்கும். நீங்கள் எத்தனை நாள் கொடுத்தாலும் சட்டத்தின் கடிகாரம் 15-இலேயே ஓடும். 30 நாள் காத்திருந்து, அதன் பிறகு ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்தால் கெடு தாண்டியிருக்கும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம்தான், அந்த நிலைமை எதற்கு? "நோட்டீஸ் தேதியிலிருந்து" என்று இருந்தாலும் "கிடைத்த நாளிலிருந்து" என்று மாற்றச் சொல்லுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். செக் எண் அடியில் உள்ள பட்டையின் இடது ஓரத்து ஆறு இலக்கம். உங்கள் பெயர் செக்கில் எழுதியபடியே இருக்கட்டும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி "திருத்த" வேண்டாம். மெமோவில் உள்ள காரணத்தை அப்படியே எழுத வேண்டும். எப்போதும் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு டிராஃப்டைச் சரிபாருங்கள். டிராஃப்டை மட்டும் படித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் பழைய நோட்டீஸ் ஒன்றில் பெயரை மாற்றி அனுப்பும் பழக்கம் நம் ஊர் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. வேறொருவருடைய செக் எண் மிச்சமிருந்தால்கூட வாக்கியம் அழகாகத்தான் ஓடும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. "பொங்கல் கழியட்டும், பெரியவர்களை வைத்துப் பேசிக்கலாம்" என்று சொல்லும் மாமாக்களால் போன செக்குகள்தான் அதிகம் என்பேன். பேசட்டும், தாராளமாகப் பேசட்டும். நோட்டீஸ் தபாலில் போன பிறகு பேசட்டும்.

தவறான நோட்டீஸ் ஏற்கனவே போய்விட்டது என்றால், அந்த உதாரணப்படி பிப்ரவரி 6 வரை திருத்திய நோட்டீஸ் புதிதாக அனுப்பலாம். அதுவும் தாண்டினால், செக் உயிரோடு இருக்கும்வரை, அதாவது பிப்ரவரி 11-க்குள், மறுபடி வங்கியில் போட்டுப் புது மெமோ வாங்கலாம். 30 நாள் புதிதாகத் தொடங்கும். 2012-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த வழி அது. அதையும் விட்டால் அந்த செக்கை வைத்து 138 கிடையாது, சிவில் வழக்குதான்.