பாலிடெக்னிக்கா, பிளஸ் 2 முடித்து பி.இ.யா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகன் அரசுப் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 268 மதிப்பெண் எடுத்திருக்கிறான். கணக்கில் 43. பிளஸ் 1 சேர்த்தால் திணறுவான், பாலிடெக்னிக்கில் போடுங்கள் என்கிறார்கள். பிறகு பி.இ. படிக்க நினைத்தால் வருடம் வீணாகிவிடாதா? (திருவாரூர் வாசகர்)

வருடம் வீணாகாது. பிளஸ் 2 வழியில் போனால் 2 வருடம் மேல்நிலை, 4 வருடம் பி.இ., ஆக 6. பாலிடெக்னிக் வழியில் 3 வருடம் டிப்ளமோ, பிறகு பி.இ. நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்து 3 வருடம், அதுவும் 6. டிப்ளமோ வழியில் பாதியில் நின்றாலும் வேலைக்குப் போகும் சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மகன் 6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 12 வரை அங்கேயே படித்தால் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். பொதுக் கலந்தாய்வைவிடக் குறைந்த கட்-ஆஃபில் இடம் வரும், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்தும். பத்தாவதோடு பாலிடெக்னிக் போனால் இந்த உரிமை போய்விடும். நேரடி இரண்டாமாண்டில் சேரும்போது அதைக் கேட்க முடியாது. இதைச் சேர்க்கை நேரத்தில் யாரும் சொல்வதில்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு இந்தக் கவலை வேண்டாம், அது டிப்ளமோ படிப்பவர்களுக்கும் உண்டு.

அடுத்தது அந்த 43. கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 14, வடிவியல் வரைபடமும் வரைபடத்தாளும் சேர்ந்த கடைசிப் பகுதிக்கு 16. பயிற்சி இருந்தால் இந்த 30 அநேகமாகக் கிடைத்துவிடும். அப்படியானால் மீதி 70-இல் அவர் எடுத்தது 13 மட்டுமே. இயற்கணிதம், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் எல்லாம் அந்த எழுபதில்தான் இருக்கின்றன. வீட்டில் உட்காரவைத்து இருபடிச் சமன்பாடு ஒன்றையும் கோட்டின் சாய்வு காணும் கணக்கு ஒன்றையும் போடச் சொல்லுங்கள். முறை தெரிந்து கூட்டல் கழித்தலில் தவறினால் பிளஸ் 1 அறிவியல் பிரிவில் சமாளிக்கலாம், 7.5 ஒதுக்கீட்டைக் குறிவைப்பதில் அர்த்தம் உண்டு. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் பிளஸ் 1 கணக்கு அவரை அமுக்கிவிடும். அப்போது பாலிடெக்னிக்தான் சரி. அங்கேயும் கணிதம் உண்டு, ஆனால் பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடும். பிறகு பட்டறை, ஆய்வகம், வரைபடம் என்று போகும். கையால் செய்து கற்கும் பிள்ளைகள் இரண்டாமாண்டில் நிமிர்ந்துவிடுவதைப் பார்க்கலாம்.

பிளஸ் 2-வில் கணிதம் 41, இயற்பியல் 48, வேதியியல் 44. ஒரு தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் பி.இ. இடம் தருகிறேன் என்கிறது. சேரலாமா? (ஈரோடு வாசகர்)

முதலில் தகுதி இருக்கிறதா பாருங்கள். மூன்று பாடமும் சேர்ந்து 300-க்கு 133, அதாவது 44.3 சதவீதம். பி.இ. சேர பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம் வேண்டும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 போதும். நீங்கள் பொதுப் பிரிவு என்றால் அந்தக் கல்லூரி எதைச் சொன்னாலும் பி.இ. கிடையாது. மற்ற பிரிவு என்றால் கணிதம் 41, இயற்பியலில் பாதி 24, வேதியியலில் பாதி 22 எனக் கட்-ஆஃப் 200-க்கு 87 வரும்.

87-க்குக் கலந்தாய்வின் கடைசிச் சுற்றிலும் இடம் இருக்கும். ஆகவே நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. அதில் சேர்ந்தால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் போய்விடும். இடம் கிடைப்பதைவிட, சேர்ந்த பிறகு முதல் இரண்டு பருவத்தின் கணிதத்தையும் இயற்பியலையும் தாண்டுவதுதான் சிரமம். இந்த மதிப்பெண்ணோடு போகிறவர்களுக்கு அரியர் அங்கேதான் சேரத் தொடங்கும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 4 வருடப் படிப்பை முடிக்க அதிகபட்சம் 7 வருடம். கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் அரியரோடு நிற்பவரைப் பல நிறுவனங்கள் வளாகத் தேர்வில் உட்காரவே விடாது.

இன்னொரு வழியும் உண்டு. அறிவியல் பிரிவில் பிளஸ் 2 முடித்தவர் பாலிடெக்னிக்கிலும் நேரடி இரண்டாமாண்டில் சேரலாம். 2 வருட டிப்ளமோ, அதன் பிறகு 3 வருட பி.இ., மொத்தம் 5. நேராக பி.இ. போவதைவிட ஒரு வருடம் கூடுதல். 87 கட்-ஆஃபில் இருப்பவருக்கு அந்த ஒரு வருடம் வீண் இல்லை என்பது என் கருத்து. அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். விண்ணப்பம் tnpoly.in தளத்தில்.

டிப்ளமோ முடித்து பி.இ. சேர்ந்தவர்கள் ஏன் மூன்றாம் பருவத்தில் தடுமாறுகிறார்கள்? (நாமக்கல் வாசகி)

கணிதம்தான் காரணம். நேரடியாகச் சேர்பவர் மூன்றாம் பருவத்தில்தான் வகுப்புக்குள் வருகிறார். சிவில், மெக்கானிக்கல் போன்ற பிரிவுகளில் அங்கே அவருக்குக் காத்திருப்பது ஃபோரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு போன்றவை. மற்ற மாணவர்கள் இரண்டு பருவம் வகையீடும் தொகையீடும் போட்டுப் பழகியிருப்பார்கள். டிப்ளமோக்காரர் கணக்கைத் தொட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும். மற்ற பாடங்களில், குறிப்பாக வரைபடத்திலும் ஆய்வகத்திலும், அவரே முந்துவார்.

எனவே டிப்ளமோவின் ஆறாம் பருவத் தேர்வு முடிந்து பி.இ. வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் இடைவெளியில் தினம் ஒரு மணி நேரம் தொகையீட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பகுதித் தொகையீடு கைவராமல் ஃபோரியர் தொடரில் பெரும்பாலான கணக்குகளை முடிக்க முடியாது. டிப்ளமோவில் ஒரு பாடம் நின்றால் அந்த வருடக் கலந்தாய்வு தவறிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இடங்களுக்குக் குறைவில்லை. 60 பேர் பிரிவில் கூடுதலாக 10 சதவீதம், அதாவது 6 இடம், அதோடு முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் சேரும்.

டிப்ளமோவோடு நிறுத்தினால் அரசு வேலைக்கு வழி உண்டா? (சிவகங்கை வாசகர்)

உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. ரயில்வேயிலும் எஸ்.எஸ்.சி. எனும் பணியாளர் தேர்வாணையத்திலும் இளநிலைப் பொறியாளர் தேர்வுக்கு டிப்ளமோ போதும். டி.என்.பி.எஸ்.சி.யும் டிப்ளமோ தரத்தில் தொழில்நுட்பப் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. குரூப் 1, குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வுகளுக்குப் பட்டம் கட்டாயம். உங்கள் கண் அவற்றின் மேல் என்றால் டிப்ளமோவோடு நிறுத்தாதீர்கள். வேலை பார்த்தபடி படிக்க, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற சில இடங்களில் மூன்றரை வருட மாலை நேர பி.இ. இருக்கிறது.

தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிட்டோம், அரசு பாலிடெக்னிக்கில் இப்போது இடம் வந்திருக்கிறது. அசல் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள். (கடலூர் வாசகர்)

அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி, குறிப்பிட்ட கடைசி நாளுக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்காமல், விலகும் தேதி குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே கடிதத்தைச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதன் நகலுடன் ஏ.ஐ.சி.டி.இ.யின் குறைதீர்ப்புத் தளத்திலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலும் புகார் கொடுங்கள். இனி எங்கு சேர்ந்தாலும் அசலைக் கொடுக்கும்போதே பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள்.