செக்கா, ரீஃபைண்டா? கடலை எண்ணெயில் கழிவது என்ன?

"வீட்டில் நான்கு பேர். மாதம் 5 லிட்டர் ரீஃபைண்டு கடலை எண்ணெய் செலவாகிறது. என் கணவருக்குக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியிருக்கிறது. 'ரீஃபைண்டு முழுக்கக் கெமிக்கல், மரச்செக்குக்கு மாறு' என்று அக்கா சொல்கிறார். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாறினால் பலன் இருக்குமா?"
வாசகி, திண்டுக்கல்

கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை, செக்குக்கு மாறியதால் மட்டும் எதுவும் குறையாது. அதை ஏற்றுவதும் இறக்குவதும் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு, மீதி நிறைவுறாதது. இந்த விகிதம் கடலைப் பருப்போடு வருவது. மரச்செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் அது அப்படியேதான் இருக்கும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான்: எவ்வளவு நல்ல செக்கில் ஆட்டினாலும் 100-க்கு 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு.

அப்படியானால் ரீஃபைன் செய்யும்போது போவது என்ன? ஆலைக்கு வரும் கச்சா எண்ணெயில் முதலில் நீர் சேர்த்துப் பசையை எடுப்பார்கள். லெசித்தின் என்று சாக்லேட்டில் சேர்க்கிறார்களே, அந்த வகைப் பொருள்தான் இந்தப் பசை. அடுத்து காஸ்டிக் சோடா கரைசல். எண்ணெய் சிதைந்து உண்டான தனிக் கொழுப்பு அமிலங்களை அது சோப்பாக மாற்றிப் பிரித்துவிடும். (அந்தச் சோப்புக் கழிவு பெரும்பாலும் சோப்புக் கம்பெனிக்கே போகிறது.) பிறகு ஒருவகைக் களிமண்ணோடு கலந்து சூடாக்கி வடிகட்டினால் நிறம் போகும். கடைசியில் காற்றை உறிஞ்சிய கலத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நீராவியைச் செலுத்தி வாசனையை எடுப்பார்கள். உங்கள் அக்கா சொல்லும் 'கெமிக்கல்' பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானாக இருக்கும். புண்ணாக்கில் தங்கிய எண்ணெயைக் கரைத்தெடுக்க அதைப் பயன்படுத்துவார்கள். அது சுமார் 69 டிகிரியிலேயே கொதித்துப் போகிற பொருள். இத்தனை சூட்டுக்குப் பிறகு மிஞ்சுவது மிகச் சொற்பம்.

கடைசிக் கட்டத்தில் வைட்டமின் ஈ-யிலும் ஒரு பகுதி போய்விடுகிறது, உண்மைதான். ஆனால் எவ்வளவு? 100 கிராம் கடலை எண்ணெயில் சுமார் 15 மில்லிகிராம் இருக்கும். ஒருவர் நாளுக்கு 25 கிராம் எண்ணெய் சாப்பிட்டால் அதில் கிடைப்பது 4 மில்லிகிராமுக்குக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு போனது என்றே வைத்தாலும் இழப்பு ஒரு மில்லிகிராம் சுற்றுவட்டாரம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையை அவித்துத் தின்றால் அதைவிடக் கூடுதலாகவே கிடைத்துவிடும். அதிகச் சூட்டில், கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் டிரான்ஸ் கொழுப்பு கொஞ்சம் உண்டாவதும் நிஜம். அதற்கு 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் 2 சதவீதம் என்று வரம்பு இருக்கிறது.

இதுவரை போன நல்லதைப் பார்த்தோம். போக வேண்டியதும் போகிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், அல்லது சரியாகக் காயாத கடலையை மூட்டை கட்டினால், அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். அது விடும் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், நாள்பட்டால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். தாளிக்கிற சூட்டில் அழிந்துவிடாது. ஆட்டும்போது இதில் பெரும்பகுதி புண்ணாக்கோடு போனாலும் ஒரு பகுதி எண்ணெயிலும், அடியில் தங்கும் கசடிலும் வரும். ஆலையில் காஸ்டிக்கும் களிமண்ணும் இதைக் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துவிடுகின்றன. செக்கில் அப்படியொரு கட்டமே கிடையாது. போட்ட கடலை எப்படியோ எண்ணெயும் அப்படியே.

நான் எண்ணெய் ஆய்வகத்தில் இருந்த நாட்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று அளக்க, அதை ஆல்கஹாலில் கலந்து, நிறங்காட்டி சேர்த்து, சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு, இளஞ்சிவப்பு நிறம் வந்து நிற்கிறதா என்று பார்ப்போம். புதுக் கடலையில் ஆட்டியதென்றால் சில சொட்டிலேயே நிறம் நின்றுவிடும். பழைய, வண்டு தின்ற கடலை என்றால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே செக்கு, ஒரே ஆள் ஆட்டியது.

அதனால் செக்கு எண்ணெய் வாங்குவதென்றால் எண்ணெயைப் பார்க்கும் முன் கடலையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சையும் மஞ்சளுமாகப் பூத்தது கலந்திருந்தால் வேண்டாம். இரண்டு பருப்பை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தாலோ சிக்கு வாடை அடித்தாலோ துப்பிவிட்டு வந்துவிடலாம். ஆட்டிய எண்ணெயை ஓரிரு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடிக்கசடு கலங்காமல் மேலே இருப்பதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

கலப்படமா என்று பார்க்கப் பலர் ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல கடலை எண்ணெயே அந்தக் குளிரில் மங்கித் தடிக்கும், அதை நம்ப முடியாது. கணக்குப் போடுவது மேல். ஒரு லிட்டர் செக்கு எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், உங்கள் ஊர் மளிகையில் இரண்டரைக் கிலோ பருப்பு விற்கும் விலையைவிட எண்ணெய் ரொம்பவும் மலிவாக இருந்தால், மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதுதான். தூக்கலான வாசனையையும் நம்பாதீர்கள். வறுக்காத கடலையில் ஆட்டினால் லேசாகத்தான் மணக்கும்.

சமையலில் ஒரு வித்தியாசம் தெரியும். செக்கு எண்ணெயில் வடை போட்டால் நுரைத்துக்கொண்டு வாணலி விளிம்புவரை ஏறும், சீக்கிரம் புகையும். எடுக்காமல் விட்ட பசையும் தனிக் கொழுப்பு அமிலமும்தான் காரணம். பூரி, வடைக்கு ரீஃபைண்டு வசதி. தாளிப்பு, பொரியல், குழம்புக்குச் செக்கு எண்ணெயின் ருசி நன்றாக இருக்கும். எதுவானாலும் பொரித்து மிஞ்சியதை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் செக்கு எண்ணெய் கூடவே கூடாது, அதில் கடலையின் புரதம் கொஞ்சம் இருக்கும்.

சரி, உங்கள் கணவர் விஷயத்துக்கு வருவோம். மாதம் 5 லிட்டர் என்றால் சுமார் 4,550 கிராம். நான்கு பேருக்கும் 30 நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 20 முதல் 25 கிராம் போதும். மாதம் 3 லிட்டரில் நிறுத்தினால் 23 கிராமுக்கு வந்துவிடும். அப்புறம், விலை இரட்டிப்பானாலும் 3 லிட்டர் செக்கு எண்ணெய்க்கு ஆகும் செலவு இப்போதைய 6 லிட்டர் ரீஃபைண்டுக்குச் சமம்; அதாவது ஒரு லிட்டர் காசுதான் கூடுதல். ருசிக்காக அந்தக் காசு பரவாயில்லை என்றால் மாறுங்கள். இல்லாவிட்டால் ரீஃபைண்டிலேயே 3 லிட்டரில் நில்லுங்கள். பேக்கரி பலகாரத்தையும் கறிக் கொழுப்பையும் அவர் குறைக்கட்டும். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் எண்ணெய் மாற்றியதை நம்பி அதை நிறுத்த வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் அளவைப் பழையதோடு வைத்துப் பாருங்கள்.