223 பௌர்ணமி

கேள்வி: சுற்றுப்பாதை பத்தி ஒண்ணுமே தெரியாத பாபிலோன்காரங்க கிரகணத்தை முன்கூட்டியே சொன்னாங்கன்னு படிச்சேன். பாதை தெரியாம கணக்கு எப்படி வரும்? பின்னாடி வந்தவங்க கட்டிவிட்ட கதைதானே இது?

பதில்: கதை இல்லைங்க. கி.மு. எட்டாம் நூற்றாண்டுல இருந்து பல நூறு வருஷத்து கிரகணக் குறிப்புகள் களிமண் பலகைல இருக்கு, நிறைய பலகை இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. பாதை தெரிஞ்சாத்தான் கணக்கு வரும்னு நீங்க நினைக்கிறீங்க பாருங்க, அங்கதான் தப்பு. அவங்களுக்கு வேண்டியிருந்தது எண்ணத் தெரியுறதும், தாத்தா எழுதி வச்சதை பேரன் தொலைக்காம இருக்கிறதும்தான்.

சந்திர கிரகணம் பௌர்ணமிலதான் வரும், இது பார்த்தாலே தெரியும். அதனால ஒரு கிரகணத்துல இருந்து அடுத்த கிரகணத்துக்கு எத்தனை பௌர்ணமின்னு எண்ணிக்கிட்டே வந்தா, பெரும்பாலும் ஆறு, எப்பவாவது அஞ்சு. ஏன் அஞ்சு? வானத்துல சூரியன் போற பாதையும் நிலா போற பாதையும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிற புள்ளி ரெண்டு, நம்ம பஞ்சாங்கத்துல ராகு, கேதுன்னு சொல்றது அதைத்தான்; சூரியன் அதுல ஏதாவது ஒண்ணுகிட்ட வர்றப்போதான் கிரகணம் நடக்கும், அது சுமார் 173 நாளுக்கு ஒரு தடவை, ஆனா ஆறு பௌர்ணமின்னா 177 நாள். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் பிந்துது, ஏழெட்டு தடவை பிந்தினதும் ஒரு மாசம் முன்னாடியே வந்து சரியாகுது. இந்த காரணம் பாபிலோன்காரங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எத்தனை ஆறு வந்தா ஒரு அஞ்சு வருதுன்னு பட்டியல் போட்டா போதும்.

அப்படி போட்டப்போ கிடைச்சதுதான் விஷயமே. கிரகணம் வர வாய்ப்புள்ள பௌர்ணமிகளை 8, 7, 8, 7, 8ன்னு அஞ்சு கூட்டமா பிரிச்சாங்க, கூட்டத்துக்குள்ள ஆறு மாச இடைவெளி, ஒரு கூட்டம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடத்துல அஞ்சு மாசம். மொத்தம் 38 வாய்ப்பு. 33 ஆறு, 5 அஞ்சு, கூட்டிப் பாருங்க, 223 மாசம் வரும். அது 18 வருஷம் 11 நாள், சொச்சமா ஒரு எட்டு மணி நேரம். அதுக்கப்புறம் பட்டியல் முதல்ல இருந்து திரும்ப ஓடும். அவங்க இதை வெறும் "18"னுதான் எழுதினாங்க, சாரோஸ்ங்கிற பேரை இதுக்கு வச்சது 17ம் நூற்றாண்டுல இங்கிலாந்து வானியலாளர் எட்மண்ட் ஹாலி.

நீங்களே சோதிக்கலாம். 2000 ஜூலை 16 சாயங்காலம் சென்னைல நிலா உதிக்கிறப்பவே கிரகணம் பிடிச்சிருந்தது, முழு மறைப்பு 1 மணி 46 நிமிஷம். அதோட 18 வருஷம் 11 நாள் கூட்டுங்க, 2018 ஜூலை 27 ராத்திரி, நம்ம கணக்குல விடிஞ்சா 28, உச்சம் சுமார் 1.52 மணிக்கு, முழு மறைப்பு 1 மணி 43 நிமிஷம். நாள் மட்டும் இல்ல, அளவும் கிட்டத்தட்ட அதேதான், ஏன்னா 223 மாசத்துல நிலா பூமிக்குக் கிட்ட வந்து விலகுற சுற்றும் ஏறக்குறைய 239 தடவை முழுசா முடிஞ்சிடுது. அடுத்தது 2036 ஆகஸ்ட் 7, ஆனா உச்சம் நமக்கு காலைல எட்டரை மணி வாக்குல, நிலா அஸ்தமிச்சுப் போயிருக்கும்.

அந்த எட்டு மணி நேர சொச்சம் பண்ற வேலை அது (தடவைக்குத் தடவை கொஞ்சம் கூடும் குறையும், நான் சொன்ன ஜோடில ஆறரை மணிதான்). பாபிலோன்காரங்க இதையும் கவனிச்சிருக்காங்க. சூரிய உதயத்துக்கோ அஸ்தமனத்துக்கோ எவ்வளவு முன்னாடி பின்னாடின்னு நேரம் எழுதினாங்க, பகல்ல விழுந்து பார்க்க முடியாத கிரகணத்தையும் விடாம குறிச்சு வச்சாங்க. இதைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன், பார்க்காததை எழுதாம விட்டிருந்தா பட்டியல்ல ஓட்டை விழுந்து 223ங்கிறதே கிடைச்சிருக்காது.

சூரிய கிரகணத்துலதான் இந்த முறை தடுமாறும். சந்திர கிரகணம்னா ராத்திரியா இருக்கிற பாதி பூமிக்கே தெரியும், ஆனா நிலாவோட நிழல் பூமில ஒரு குறுகலான பட்டையாத்தான் விழும், அந்த எட்டு மணி நேரத்துல பூமி மூணுல ஒரு பங்கு திரும்பிடும். 1980 பிப்ரவரி 16 முழு சூரிய கிரகணம் கர்நாடகா, ஆந்திரா வழியா போச்சு இல்லையா, அதே வரிசைல அடுத்தது 1998ல கரீபியன் பக்கம், அதுக்கடுத்தது 2016ல இந்தோனேஷியால. மூணு சுற்று, அதாவது 54 வருஷம் கழிச்சு 2034 மார்ச் 20ல நம்ம பக்கம் திரும்புது, ஆனா பட்டை வடக்க ஏறிப்போய் காஷ்மீர், லடாக் பக்கமா போகும். அதனால பாபிலோன்காரங்க சூரிய கிரகணத்துக்கு "இன்ன நாள் வரலாம், கவனிங்க"ன்னு சொல்ற அளவுக்குத்தான் போனாங்க, கண்ணுக்குத் தெரியலைன்னா கிரகணம் நமக்குப் படாம தாண்டிப் போச்சுன்னு அதையும் எழுதி வச்சாங்க.