ஒரே 95 சதவீதம், ஆனால் ஆட்டம் வேறு: ஸ்லாட் கேள்வி பதில்

கேள்வி: ரெண்டு ஸ்லாட் மெஷின்லயும் ஆர்டிபி, அதாவது கட்டுற காசுல சராசரியா திரும்பி வர்ற சதவீதம், 95னு போட்டிருக்கு. ஒண்ணுல காசு மெதுவா கரையுது, இன்னொண்ணு சீக்கிரமே துடைச்சு எடுத்துடுது. ஏமாத்துறாங்களா சார்?

பதில்: ஏமாற்றத் தேவையே இல்லை. கணக்குக்காக இரண்டு ஆட்டங்களை வைத்துக்கொள்வோம், சுற்றுக்கு 1 காயின். (நிஜத்தில் பரிசுப் பட்டியல் இதைவிட நீளம்.) முதலாவதில் 100 சுற்றுக்குச் சராசரியாக 38 முறை 2.5 காயின் வரும். ஆக 95. இரண்டாவதில் 100க்கு 10 முறை 4.5 காயின், அதோடு 1000 சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில் 500 காயின். சின்னப் பரிசுகள் 45, பெரியது 50, கூட்டினால் அதே 95.

இரண்டிலும் 200 சுற்று ஆடுங்கள். சராசரி இழப்பு இரண்டிலும் 10 காயின்தான். முதலாவதில் நாலில் மூன்று பேர் 30 காயின் இழப்புக்கும் 10 காயின் லாபத்துக்கும் நடுவில் முடிப்பார்கள். இரண்டாவதில் 100 பேரில் 82 பேர் பெரிய பரிசைப் பார்க்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அது 45 சதவீத ஆட்டம்தான். சுமார் 110 காயின் போய்விடும். அந்தப் பணம் மிச்ச 18 பேரிடம் இருக்கிறது. நீங்கள் 82இல் ஒருவர், அவ்வளவுதான்.

கேள்வி: அப்போ ஹிட் ஃப்ரீக்வென்சி, அதாவது ஏதாவது பரிசு விழுற தடவை, அதிகமா இருந்தா வொலட்டிலிட்டிங்கிற ஏத்த இறக்கம் கம்மி. அதை மட்டும் பார்த்தா போதும்ல?

பதில்: பாதி சரி. ஒரே சுற்றில் 20 பரிசு லைனில் 20 காயின் கட்டி 4 காயின் வந்தாலும் அது ஹிட் கணக்கில் சேரும். விளக்கு எரியும், பாட்டும் வரும், 16 காயின் போயிருக்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தே இருக்கிறார்கள்: தோற்ற சுற்றுதான், ஜெயித்த வேஷத்தில் வருகிறது. பெரிய பரிசை அபூர்வமாக வைத்து, நடுவில் இப்படித் துண்டு துண்டாகக் கொடுத்தால் ஹிட்டும் அதிகம், வொலட்டிலிட்டியும் அதிகம். பட்டனை அழுத்தும் முன்பும் பின்பும் கிரெடிட்டைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, நீங்க சொன்ன ரெண்டாவது ஆட்டம் மாதிரி ஒண்ணுல நான் 1000 சுத்துக்கு மேல போட்டாச்சு. இனி பெரிய பரிசு வந்தே ஆகணும். இப்ப எழுந்தா அடுத்தவன் அடிச்சுடுவான்.

பதில்: 1000இல் ஒன்று என்ற வாய்ப்பை 1000 முறை சுற்றினாலும் 37 சதவீதம் பேருக்கு வராது. அடுத்த சுற்றிலும் உங்களுக்கு அதே 1000இல் ஒன்றுதான், உங்கள் நாற்காலியில் உட்காருபவருக்கும் அதேதான். இன்ன தொகையைத் தொடுவதற்குள் விழுந்தே தீரும் என்று அறிவித்த ஜாக்பாட் மட்டும் வேறு கணக்கு.

கேள்வி: 95ன்னா 100 கொண்டு போனா 95 திரும்பும், சரிதானே?

பதில்: கொண்டுபோகும் தொகைக்கு இல்லை, கட்டும் ஒவ்வொரு காயினுக்கும் சராசரியாக 95 சதவீதம். வந்ததையே திரும்பப் போட்டு மொத்தம் 1000 காயின் சுற்றினால், சராசரி இழப்பு 50.

கேள்வி: வொலட்டிலிட்டி 5க்கு 3ன்னு போடுறாங்களே, அதை நம்பலாமா?

பதில்: ஒரே நிறுவனத்தின் ஆட்டங்களை ஒப்பிட உதவும். நிறுவனங்களுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒருவரின் 3 இன்னொருவரின் 4ஆக இருக்கலாம். நான் முதலில் பரிசுப் பட்டியலைப் பார்ப்பேன். ஆனால் அதில் தொகை இருக்கும், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை என்பது பெரும்பாலும் இருக்காது.