கதிரையைக் காலுக்கு, மேசையை முழங்கைக்கு

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, தரம் 3 படிக்கிறாள். உயரம் 122 செ.மீ. வீட்டில் சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் கதிரை போட்டுத்தான் எழுதுகிறாள். கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள், கழுத்து வலிக்கிறது என்கிறாள். ஹட்டனில் ஒரு கடையில் உயரம் கூட்டிக் குறைக்கும் மேசை, கதிரை பார்த்தோம். மேசை 54 முதல் 76 செ.மீ. வரையும் கதிரை 34 முதல் 46 செ.மீ. வரையும் உயருமாம். கதிரையில் உட்காரும் பலகை 38 செ.மீ. ஆழம். சாதாரணத் தரம் வரைக்கும் பாவிக்கலாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, டொக்டர்?
- ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: மேசையை வாங்குங்கள். கதிரையை வாங்க முன்னர் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில், இதற்காக மகளைத் திட்டாதீர்கள். அவள் முகத்தைக் கொப்பிக்குக் கொண்டுபோகவில்லை, மேசைதான் கொப்பியை அவள் முகத்துக்குத் தூக்கிக் கொடுக்கிறது. சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். பிளாஸ்டிக் கதிரை 43 செ.மீ. அளவில் இருக்கும். அவள் உயரமுள்ள பிள்ளை நேராக உட்கார்ந்தாலும் கண் உட்காரும் பலகையிலிருந்து ஏறக்குறைய 56 செ.மீ. மேலேதான் இருக்கும். கூட்டிப் பாருங்கள்: கண் தரையிலிருந்து 99 செ.மீ., கொப்பி 75 செ.மீ. இடைவெளி வெறும் 24. கொஞ்சம் குனிந்தால் அதுவும் போய்விடும். முழங்கையோ மேசைக்கு 15 செ.மீ. கீழே தொங்குகிறது. எழுத வேண்டுமென்றால் இரண்டு தோளையும் காதுப் பக்கம் தூக்கித்தான் ஆக வேண்டும். கழுத்து வலி அங்கிருந்துதான் வருகிறது.

சரி, எப்படி அளப்பது? வயதைப் பார்த்தோ தரத்தைப் பார்த்தோ அல்ல, பிள்ளையின் உடம்பைப் பார்த்துத்தான். எப்போதும் கதிரையில் தொடங்குங்கள். ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பாதம் முழுவதும் தரையில் படிய, முழங்கால் சதுரமாக மடங்கியிருக்க, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை தையல் டேப்பால் அளங்கள். நம் பக்கத்தில் குளிருக்கு சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு யாரும் உட்காருவதில்லை. படிக்கும்போது மேஸும் செருப்பும் போட்டிருப்பாள் என்றால் அதோடேயே அளக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 32 செ.மீ. அளவில் வரும் என்று நினைக்கிறேன். அதுதான் கதிரையின் உயரம். அப்புறம் கையைப் பக்கத்தில் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லி, உட்காரும் பலகையிலிருந்து முழங்கை வரை அளங்கள். 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எழுதும்போது கை முன்னால் போவதால் முழங்கை சற்று உயரும், அதற்கு இரண்டு மூன்று செ.மீ. சேருங்கள். 32, 17, 3 சேர்ந்து 52. மேசையின் மேல்மட்டம் இதுதான். இப்போது கண்ணுக்கும் கொப்பிக்கும் நடுவே 36 செ.மீ. கிடைக்கிறது. முகத்தைப் புதைக்க அவளுக்குத் தேவையே இருக்காது.

நீங்கள் பார்த்த மேசையும் கதிரையும் மிகத் தாழ்ந்த நிலையிலேயே இரண்டு செ.மீ. கூடுதல். இதைச் சரிசெய்யலாம். இரண்டையும் ஆகக் கீழ்த் துளையில் வைத்துவிட்டு, காலடியில் இரண்டு செ.மீ. தடிப்புள்ள பலகை ஒன்றைப் போடுங்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் அந்தப் பலகை தேவைப்படாது. இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர்கிறார்கள். அதில் கதிரை உயர வேண்டியது ஒன்றரை செ.மீ. அளவுதான், மேசை இரண்டு இரண்டரை. பெண் பிள்ளைகள் பத்து, பதினொரு வயதில் திடீரென்று வளர்வார்கள், அப்போது இது இன்னும் வேகமாகும். அதனால் ஒவ்வொரு தவணையும் தொடங்கும்போது ஒரு தடவை அளங்கள், வருடத்துக்கு மூன்று தடவை போதும். அவள் 150 செ.மீ. உயரத்தை எட்டும்போது மேசை 65 செ.மீ. அளவில் இருந்தால் சரியாக இருக்கும். ஆகவே மேசை விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

கதிரையில்தான் சிக்கல். எல்லோரும் உயரத்தை மட்டும் கேட்கிறார்கள், ஆழத்தைக் கேட்பதில்லை. இந்த உயரத்துப் பிள்ளையின் தொடை, முதுகிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 33 செ.மீ. அளவுதான். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும், ஆக 29, 30 செ.மீ. ஆழம் போதும். 38 செ.மீ. பலகையில் அவள் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தும், கால் மரத்துப்போகும். அது பிடிக்காமல் முன்விளிம்புக்கு வந்துவிடுவாள். அப்போது முதுகுக்குச் சாய்வே இல்லை, பத்து நிமிடத்தில் மேசைமேல் சரிவாள். கடையில் போய், முதுகுச் சாய்வை முன்னால் தள்ள முடியுமா என்று பாருங்கள். தள்ளலாம் என்றால் வாங்கலாம். முடியாவிட்டால் விடுங்கள், ஊரில் ஒரு தச்சு பாஸிடம் அளவு கொடுத்து ஒரு கதிரை செய்துகொள்வது மேல். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பஞ்சை இறுக்கி அடைத்த எட்டு செ.மீ. தடிப்புத் தலையணை ஒன்றை முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். மெத்தென்ற குஷன் அமுங்கிப்போகும், பயன் இல்லை. சில்லுப் பூட்டிய சுழல் கதிரை இந்த வயதுக்கு வேண்டாம். காலை ஊன்றி எழுதும்போது அது நழுவுகிறது.

மேசையில் ஒன்றைக் கவனியுங்கள்: லாச்சி. மேல்மட்டம் 54, கதிரை 34 என்றால் நடுவில் 20 செ.மீ.தான். பலகைத் தடிப்பும் லாச்சியும் 12 செ.மீ. எடுத்துக்கொண்டால் எட்டுதான் மிஞ்சும். தொடை அதில் நுழையாது. உடனே வீட்டில் மேசையை உயர்த்திவிடுவார்கள், வாங்கிய நோக்கமே கெட்டுவிடும். லாச்சி இல்லாத மேசை, அல்லது லாச்சி ஒரு ஓரத்தில் மட்டும் உள்ள மேசை எடுங்கள்.

அப்புறம் நம் மழை. என் வீட்டில் அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த மேசை ஒன்று இருந்தது. ஓரங்கள் ஈரத்தை இழுத்து ஊதி, ஆணி பிடித்த துளைகள் தளர்ந்து, ஒரே மாரியில் ஆட ஆரம்பித்தது. மேசை ஆடினால் பிள்ளை இடது கையாலும் மார்பாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதும், மறுபடியும் குனிவுதான். இரும்புக் கால், துளையில் போல்ட் போட்டு இறுக்கும் வகை நல்லது. கடையில் மேசையை அதன் உச்சத்துக்கு உயர்த்தச் சொல்லி ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். உயரத்தை மாற்றும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள், பிள்ளையின் விரல் நசுங்கக்கூடும்.

அளவெல்லாம் சரியாக வைத்து இரண்டு வாரம் அவள் எழுதுவதைப் பாருங்கள். கழுத்து வலி அதற்குள் குறைய வேண்டும். குறையாவிட்டால், அல்லது இரவில் வலியில் விழித்தால், கை விறைத்தால், ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்து தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். வலி போன பிறகும் முகம் மட்டும் கொப்பியை நோக்கியே போகிறது, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள் என்றால் அது மேசையின் குற்றமில்லை. கண் கிளினிக்கில் பார்வையைப் பரிசோதிக்க வேண்டும்.