அரிக்கேன் கடையா, அன்னபூரணியா?

கேள்வி: உறையூரில் சாயங்காலம் தள்ளுவண்டியில் தோசை, பணியாரம் போடுகிறோம். இதுவரை போர்டு இல்லை. மனைவி 'ஸ்ரீ அன்னபூரணி டிபன் சென்டர்' என்கிறார், மகன் 'தோசா ஸ்டோரி' என்கிறான். வருகிறவர்களில் சிலர் 'புளியமரத்து வண்டி' என்கிறார்கள். சிலர் வண்டியில் தொங்கும் விளக்கைப் பார்த்து 'அரிக்கேன் கடை' என்கிறார்கள். எதை எழுதுவது?
– உறையூர் வாசகர்

பதில்: அரிக்கேன் கடை என்றே எழுதுங்கள். வீட்டில் இருவருக்கும் வருத்தம் இருக்கும்தான்.

திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடையின் பெயர் ஆனந்த விலாஸ். ஆனால் சாப்பிட வந்தவர்கள் அவருடைய தலைப்பாகையைப் பார்த்து 'தலப்பாக்கட்டி' என்றார்கள், கடைசியில் நின்றது அதுதான். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவும் மங்கலான வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர்தான். வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் எது பட்டதோ, அதைத்தான் அடுத்தவருக்குச் சொல்கிறார். அன்னபூரணி என்றால் 'எந்த அன்னபூரணி?' என்று திருப்பிக் கேட்பார்கள். 'தோசா ஸ்டோரி'யைப் போனில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

புளியமரம் எனக்கும் பிடித்த பெயர்தான். ஆனால் மரம் உங்களுடையது இல்லை. சாலையை அகலப்படுத்தினாலோ, மாநகராட்சி வண்டியை நகர்த்தச் சொன்னாலோ பெயர் அங்கேயே நின்றுவிடும். அரிக்கேன் வண்டியோடு கூட வரும்.

போர்டு எழுதக் கொடுக்கும் முன் ஒரு வாரம் காதை மட்டும் தீட்டிக்கொள்ளுங்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே போன் பேசுவார்களே, 'எங்கடா இருக்கே?' என்ற கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று கேளுங்கள். நீங்களாக விசாரிக்க வேண்டாம், கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைப்பதைச் சொல்லிவிடுவார்கள். பாதிப் பேருக்கு மேல் வேறு ஏதாவது சொன்னால், உதாரணமாக 'பணியாரக்கார அக்கா' என்றால், என் யோசனையைத் தள்ளிவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் 'அக்கா கடை' என்றால் மட்டும் வேண்டாம். தெருவுக்குத் தெரு ஒன்று இருக்கிறது.

போர்டில் 'அரிக்கேன்' பெரிதாக, தமிழில், முதலில் வரட்டும். மனைவி விருப்பத்துக்கு மேலே ஓரமாகச் சின்ன எழுத்தில் 'ஸ்ரீ அன்னபூரணி துணை' போட்டுக்கொள்ளலாம். மகனிடம் கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கும் வேலையைக் கொடுங்கள். அங்கேயும் இதே பெயர்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்விப்பட்டுத் தேடுகிறவருக்குக் கடை கிடைக்காது.

அப்புறம், அந்த விளக்கு. சிம்னி உடைந்தால் அன்றைக்கே மாற்ற ஒன்று கையிருப்பில் வையுங்கள். கரி பிடிக்காமல் தினமும் துடையுங்கள். அடுப்புக்கும் காஸ் சிலிண்டருக்கும் எதிர்ப்பக்கக் கம்பத்தில், வருகிறவர் தலை இடிக்காத உயரத்தில் தொங்கட்டும். காற்றடிக்கிற நாளில் மண்ணெண்ணெய்க்குப் பதில் உள்ளே பேட்டரி பல்பு வைத்தாலும் போதும்.