ஜெர்மன் பெயர்ச்சொற்களின் பாலை ஞாபகம் வைக்க வழி

பள்ளியில் ஜெர்மன் படிக்கிறேன். எந்தச் சொல்லுக்கு டெர், எதற்கு டீ, எதற்கு டாஸ் என்று மறந்துபோகிறது. ஏதாவது தந்திரம் உண்டா?

உண்டு. சொல்லின் வாலைப் பாருங்கள். டெர் ஆண்பால், டீ பெண்பால், டாஸ் அஃறிணை மாதிரியான மூன்றாம் பால். தமிழில் பொருளை வைத்துப் பால் சொல்கிறோம். ஜெர்மனில் பல சொற்களுக்கு விகுதிதான் அதைத் தீர்மானிக்கிறது. வண்டி நம்பரின் முன்பகுதி எந்த ஊர்ப் பதிவு என்று காட்டுவது போல, இங்கே கடைசிப் பகுதி பாலைக் காட்டும்.

‘வோனென்’ என்றால் வசிப்பது. அதன் வேரோடு ‘உங்’ சேர்ந்தால் ‘வோனுங்’, அதாவது வீடு. இப்படி வினையிலிருந்து ‘உங்’ சேர்த்துப் பிறந்த சொல் எப்போதும் டீ. ஆனால் ‘ஷ்ப்ருங்’ (தாவல்) டெர். ஏன்? அதில் ‘உங்’ விகுதியே இல்லை, வேரின் பகுதி. வெட்டிப் பார்த்தால் மிஞ்சுவது ‘ஷ்ப்ர்’. அப்படி ஒரு வேர் கிடையாது. இந்தச் சோதனை மிகவும் உதவும்.

கூட்டுச்சொல்லிலும் கடைசிச் சொல்லே முடிவு செய்யும். டாஸ் ஹவுஸ் (வீடு), டீ ட்யூர் (கதவு) சேர்ந்தால் டீ ஹவுஸ்ட்யூர், வாசற்கதவு.

விகுதி இல்லாத ‘டிஷ்’ (மேசை) போன்ற குட்டிச் சொற்களை ‘டெர் டிஷ்’ என்று சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

அப்புறம், சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ டாஸ் ஆக இருப்பது பெண்ணை மட்டம்தட்ட அல்ல. ‘சின்ன’ என்ற பொருள் தரும் ‘ஷென்’ விகுதி எதில் ஒட்டினாலும் டாஸ்தான்.